ஓஎல்இடி திரையில் தடம் படியாமல் காப்பது எப்படி?

சாதாரண எல்சிடி திரையில் பின்னால் ஒரு விளக்கு எரிகிறது. முன்னால் உள்ள பிக்சல்கள் அந்த ஒளியை விடுவதும் மறைப்பதுமாக வேலை செய்கின்றன. ஓஎல்இடி திரையில் பின்விளக்கு கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. மின்னோட்டம் பாயும்போது ஒளி உமிழும் கரிமச் சேர்மங்கள் அதற்குள் மெல்லிய அடுக்குகளாகப் படிந்திருக்கின்றன. கறுப்பைக் காட்ட வேண்டிய பிக்சல் முழுவதுமாக அணைந்துவிடும். இந்தத் திரைகளின் ஆழமான கறுப்புக்குக் காரணம் அதுதான். பர்ன்-இன் என்ற குறையும் இதே அமைப்பிலிருந்துதான் பிறக்கிறது.

கரிமச் சேர்மங்கள் ஒளிரும் ஒவ்வொரு மணி நேரத்திலும் சிறிதளவு சிதைகின்றன. சிதைந்த பிக்சல், அதே மின்னோட்டத்துக்கு முன்பைவிடக் குறைவான ஒளியையே தரும். திரை முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. திரை பல ஆண்டுகளில் மெல்ல மங்கும், அவ்வளவுதான். ஒரு பகுதி அதிகமாகவும் பக்கத்துப் பகுதி குறைவாகவும் தேயும்போதுதான் சிக்கல். அவற்றுக்கு இடையிலான வேறுபாடு தடமாகத் தெரிகிறது. ஆண்டுக்கணக்கில் நாள்காட்டி தொங்கிய சுவரில், அதைக் கழற்றியதும் சதுரமாக ஒரு இடம் மட்டும் புதுநிறத்தோடு தெரிவது போன்றது இது. பர்ன்-இன் என்பது தேய்மானம் அன்று. தேய்மானத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு. எந்த அமைப்பை மாற்றினால் பயன் உண்டு, எதை மாற்றினால் இல்லை என்பதை இந்த ஒரு உண்மையைக் கொண்டே முடிவுசெய்துவிடலாம்.

தேய்மானத்தின் கணக்கு

ஒரு பிக்சல் எவ்வளவு தேயும் என்பதை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன. எவ்வளவு நேரம் ஒளிர்ந்தது, எவ்வளவு பிரகாசமாக ஒளிர்ந்தது, அப்போது பலகம் எவ்வளவு சூடாக இருந்தது என்பவையே அவை.

நேரத்தின் கணக்கு எளிது. இரண்டு மடங்கு நேரம் ஒளிர்ந்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு தேய்மானம். பிரகாசம் அப்படி நேர்விகிதத்தில் நடப்பதில்லை. ஆயுட்காலத்தை ஆராய்பவர்கள், தேய்மானம் பிரகாசத்தின் 1.5 முதல் 2 வரையிலான அடுக்கில் கூடுவதாகக் கணக்கிடுகிறார்கள். அதாவது பிரகாசத்தை இரண்டு மடங்காக்கினால் தேய்மானம் மூன்று, நான்கு மடங்கு ஆகலாம். திருப்பிச் சொன்னால், பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்தால் தேய்மானம் மூன்றில் ஒரு பங்குக்கோ நான்கில் ஒரு பங்குக்கோ இறங்கிவிடும். பயனரின் கையில் உள்ள கருவிகளில் மிக வலிமையானது பிரகாச அளவுதான் என்பது இதனால் விளங்கும்.

வெப்பம் இந்தச் சிதைவை வேகப்படுத்துகிறது. வெயில் நேராக விழும் சுவரிலோ, காற்றோட்டமில்லாத அலமாரிக்குள்ளோ திரையைப் பொருத்தக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். பின்புறத் துளைகளை மறைக்காமல், சுற்றிலும் கைநுழையும் அளவுக்கு இடம் விட்டால் போதும்.

நிறமும் இதில் பங்கு வகிக்கிறது. நீல ஒளி உமிழும் சேர்மங்களின் ஆயுள் மற்ற நிறங்களைவிடக் குறைவு. எல்ஜி டிஸ்பிளே தயாரிக்கும் பெரிய பலகங்கள் வெள்ளை ஒளியை உண்டாக்கி, நிற வடிகட்டிகள் வழியே அனுப்புகின்றன. சாம்சங் டிஸ்பிளேயின் க்யூடி-ஓஎல்இடி பலகங்கள் நீல ஒளியை அடிப்படையாகக் கொண்டு, குவாண்டம் புள்ளிகளால் அதைச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுகின்றன. இரண்டும் வெவ்வேறு விதமாகத் தேய்ந்தாலும், இரண்டிலும் தடம் படியும். காக்கும் வழிகளும் ஒன்றே.

சோதனைகள் காட்டியது

கனடாவைச் சேர்ந்த ஆர்டிங்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2018 ஜனவரியில் ஒரு நீண்ட சோதனையைத் தொடங்கியது. ஒரே மாதிரியான ஆறு எல்ஜி சி7 தொலைக்காட்சிகள், ஐந்து மணி நேரம் ஓடி ஒரு மணி நேரம் அணைந்திருக்கும் சுழற்சியில், நாளொன்றுக்கு 20 மணி நேரம் இயங்கின. ஒன்றில் கால்பந்து ஒளிபரப்பு, ஒன்றில் பொதுவான தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், இரண்டில் வீடியோ கேம்கள் என்று வைத்தார்கள். மீதி இரண்டிலும் சிஎன்என் செய்தி அலைவரிசை ஓடியது. ஒன்றில் உச்சப் பிரகாசத்தில், மற்றொன்றில் 200 நிட் அளவில். நிட் என்பது திரைப் பிரகாசத்தின் அலகு.

ஆறிலும் தடம் முதலில் தெளிவாகப் படிந்தது செய்தி ஓடிய திரைகளில்தான். அலைவரிசையின் இலச்சினையும் அடிப்பகுதிச் செய்திப்பட்டையும் எப்போதும் ஒரே இடத்தில், ஒரே நிறத்தில், அதிகப் பிரகாசத்தோடு இருப்பதே காரணம். உச்சப் பிரகாசத்தில் இருந்த திரை, 200 நிட் திரையைவிட மோசமாகப் பாதிக்கப்பட்டது. போர்க் காட்சிகள் கொண்ட கேம் ஓடிய திரையிலோ குறிப்பிடத்தக்க தடம் எதுவும் இல்லை. அந்தக் கேமில் ஒரே இடத்தில் நிற்கும் பிரகாசமான வடிவங்கள் குறைவு. மணிக்கணக்கு எல்லாத் திரைகளுக்கும் ஒன்றாகவே இருந்தும் விளைவு இவ்வளவு வேறுபட்டது. திரை எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைவிட, என்ன ஓடியது என்பதே முடிவைத் தீர்மானித்தது.

கணினித் திரைக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை ஒன்று 2024-இல் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் மானிட்டர்ஸ் அன்பாக்ஸ்ட் குழுவினர், 32 அங்குல க்யூடி-ஓஎல்இடி திரை ஒன்றை 200 நிட் அளவில் அன்றாட அலுவலக வேலைக்கே பயன்படுத்தினார்கள். தடத்தைத் தவிர்க்கும் முயற்சிகள் பெரிதாக எதையும் செய்யாமல், எல்சிடி திரையைப் போலவே கையாண்டார்கள். இரண்டு சாளரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்ததால், அவை சந்திக்கும் நடுக்கோட்டில் மெல்லிய செங்குத்துத் தடம் உருவாகத் தொடங்கியது. அது பிரகாசமான உருவம் பதித்த தடம் அன்று. இரண்டு பக்கமும் தேய, இடையில் இருந்த கோடு மட்டும் வேறு அளவில் தேய்ந்ததன் விளைவு.

கறுப்பாக வைத்திருந்தால் திரைக்குப் பாதுகாப்பு என்று பலர் நம்புவது ஏன் பாதி உண்மை மட்டுமே என்பதை இது காட்டுகிறது. சுற்றிலும் வெள்ளைப் பக்கங்கள் இருக்க, கீழே ஒரு பட்டை மட்டும் எப்போதும் கறுப்பாக இருந்தால், அந்தப் பட்டை புதிதாகவே இருக்கும். மற்ற இடம் தேயும். சில ஆண்டுகள் கழித்து, பட்டை இருந்த இடம் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று தெரியும். மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளோடு வரும் அகலத்திரைப் படங்களையே எப்போதும் பார்ப்பவருக்கும், பழைய 4:3 நிகழ்ச்சிகளையே தொடர்ந்து பார்ப்பவருக்கும் இதே நிலைதான். பலவகை நிகழ்ச்சிகளை மாற்றி மாற்றிப் பார்த்தால் தேய்மானம் பரவலாகி, எல்லைக்கோடு உருவாகாது.

கணினித் திரை: ஒரு கணக்கு

அலுவலக வேலைக்கு ஓஎல்இடி திரையைப் பயன்படுத்துபவர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 250 நாள், நாளுக்கு 8 மணி நேரம் திரை எரிகிறது. அதில் 2 மணி நேரம் அவர் உணவுக்கும் கூட்டங்களுக்கும் எழுந்து போய்விடுகிறார். திரை அப்படியே எரிந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் வெள்ளைப் பின்னணி கொண்ட ஆவணங்கள். பிரகாசம் 240 நிட். கீழே கருஞ்சாம்பல் நிற டாஸ்க்பார். அந்தச் சாம்பல் நிறம் வெள்ளையின் ஒளியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் என்பதால், டாஸ்க்பாரின் தேய்மானத்தைப் பூஜ்யம் என்றே கொள்ளலாம். ஆகவே ஆவணப் பகுதிக்கும் டாஸ்க்பாருக்கும் இடையே ஆண்டுக்கு 2,000 மணி நேரத் தேய்மான வேறுபாடு சேர்கிறது.

முதல் மாற்றம், ஆள் இல்லாதபோது திரையை அணைப்பது. ஐந்து நிமிடத்தில் திரை அணையுமாறு அமைத்தால், வீணாக எரியும் 2 மணி நேரத்தின் பெரும்பகுதி குறைந்து, ஆண்டுக்கணக்கு ஏறத்தாழ 1,500 மணி நேரமாகிறது. விண்டோஸ் கணினியில் இதை அமைப்புகளில் மாற்றலாம். கட்டளைச் சாளரத்தில் ஒரே வரியிலும் முடிக்கலாம்:

```
powercfg /change monitor-timeout-ac 5
```

கடைசியில் உள்ள எண் நிமிடங்களைக் குறிக்கிறது. மடிக்கணினி பேட்டரியில் இயங்கும்போது `ac` என்ற இடத்தில் `dc` என்று வர வேண்டும். ஓஎல்இடி திரைக்கு அசையும் படங்கள் கொண்ட ஸ்கிரீன் சேவர் தேவையில்லை. அது தேய்மானத்தைப் பரப்பும், நிறுத்தாது. அணைந்த திரைதான் தேயாத திரை.

இரண்டாவது மாற்றம், பிரகாசத்தை 240 நிட்டிலிருந்து 120-க்குக் குறைப்பது. அறைக்குள் எழுத்து வேலைக்கு 100 முதல் 150 நிட் வரை தாராளமாகப் போதும். குறைவான அடுக்கையே எடுத்துக்கொண்டாலும் தேய்மானம் 2.8 மடங்கு குறைகிறது. 1,500 மணி நேரம், பழைய பிரகாசத்தில் ஓடிய 530 மணி நேரத்துக்குச் சமமாகிவிடுகிறது. இந்த இரண்டு மாற்றங்களாலேயே, முன்பு ஓராண்டில் சேர்ந்த வேறுபாடு சேர இனி ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகும். ஹெச்டிஆர் முறையில் கணினியை இயக்குபவர்கள், திரையின் பொத்தானில் குறைத்துவிட்டதோடு நிற்கக் கூடாது. விண்டோஸின் ஹெச்டிஆர் அமைப்புகளில் `SDR content brightness` என்ற தனி அளவும் இருக்கிறது. சாதாரண ஆவணங்களின் பிரகாசத்தை அதுதான் கட்டுப்படுத்துகிறது.

மூன்றாவது மாற்றம், டாஸ்க்பாரை மறைப்பது. விண்டோஸ் 11-இல் `Settings > Personalization > Taskbar > Taskbar behaviors` என்ற இடத்தில் `Automatically hide the taskbar` என்பதைத் தேர்ந்தெடுத்தால், சுட்டியைக் கீழே கொண்டுபோகும்போது மட்டும் அது தோன்றும். மற்ற நேரங்களில் அந்த இடத்திலும் ஆவணமே நிறைந்திருக்கும். அப்போது மேலும் கீழும் ஒரே மாதிரித் தேய்வதால், வேறுபாடே பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. மேக் கணினியில் டாக்கையும் இதேபோல் மறைக்கலாம்.

மீதமிருப்பவை சாளரங்களின் எல்லைகள். இரண்டு சாளரங்களைச் சரிபாதியாக ஒட்டிவைக்கும் பழக்கம் உள்ளவர், சில வாரங்களுக்கு ஒருமுறை எல்லையைச் சற்று இடமோ வலமோ நகர்த்தினால், கூர்மையான கோடு உருவாவது தவிர்க்கப்படும். இருண்ட தீம் பயன்படுத்துவது மொத்தத் தேய்மானத்தைப் பெரிதும் குறைக்கிறது. எல்லாச் செயலிகளிலும் அதைப் பயன்படுத்தினால் பயன் முழுமையாகும். சில செயலிகள் இருட்டாகவும் சில வெள்ளையாகவும் எப்போதும் அதே அதே இடங்களில் இருந்தால், ஏற்றத்தாழ்வு வளரும்.

தொலைக்காட்சியில் செய்ய வேண்டியவை

தொலைக்காட்சியில் முதலில் கவனிக்க வேண்டியது படமுறை. கடைக்காரர் காட்டும் `Vivid` முறை, வெளிச்சமான கடைக்குள் கண்ணைப் பறிப்பதற்காக அமைக்கப்பட்டது. அதில் பிரகாசமும் நிறச்செறிவும் உச்சத்தில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் `Cinema`, `Movie`, `Filmmaker` போன்ற முறைக்கு மாற்றுவது நிறங்களையும் இயல்பாக்கும், தேய்மானத்தையும் குறைக்கும். எல்ஜி தொலைக்காட்சிகளில் பிக்சல் பிரகாசத்தைக் கட்டுப்படுத்தும் அளவு `OLED Pixel Brightness` என்றும், பழைய மாடல்களில் `OLED Light` என்றும் காணப்படும். செய்தி அதிகம் பார்க்கும் வீடு என்றால், பகலுக்கு ஒரு படமுறை, இரவுக்கு அதைவிடக் குறைந்த பிரகாசத்தில் ஒரு படமுறை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, தொலைக்காட்சியில் ஏற்கெனவே உள்ள பாதுகாப்புகளை அணைக்காமல் இருப்பது. அவற்றில் மூன்று முக்கியமானவை. முதலாவது, அலைவரிசை இலச்சினையைக் கண்டறிந்து அந்த இடத்தை மட்டும் மங்கலாக்கும் `Adjust Logo Brightness` போன்ற வசதி. இரண்டாவது, படம் சில நிமிடங்கள் அசையாமல் இருந்தால் திரை முழுவதையும் மெல்ல மங்கச் செய்யும் வசதி. படம் இருண்டுபோகிறதே என்று சிலர் பழுதுபார்ப்போருக்கான மறைமெனு வழியாக இதை அணைத்துவிடுகிறார்கள்; தடம் படிய அது நேரான வழி. மூன்றாவது, படத்தைச் சில பிக்சல்கள் அங்குமிங்கும் நகர்த்தும் `Screen Move` அல்லது `Pixel Shift`. இதன் எல்லையையும் அறிந்துவைக்க வேண்டும். சில பிக்சல் நகர்வால் அகலமான செய்திப்பட்டையின் நடுப்பகுதிக்கு எந்த ஓய்வும் கிடைப்பதில்லை. அதன் ஓரம் மட்டும் மழுங்கும். ஆனால் கண் முதலில் பிடிப்பது கூர்மையான ஓரத்தைத்தான் என்பதால், அந்த மழுங்கலுக்கும் மதிப்பு உண்டு.

பழக்கம் என்று பார்த்தால், ஒரே செய்தி அலைவரிசையை நாள் முழுவதும் பின்னணியில் ஓடவிடுவதே மிகவும் கெடுதலானது. ஆர்டிங்ஸ் சோதனை காட்டியதும் இதைத்தான். செய்தியைக் கேட்டால் போதும் என்றால், ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு திரையை அணைக்கும் வசதி பல மாடல்களில் உண்டு. இடைநிறுத்திய படத்தையோ, கேமின் மெனுவையோ அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகாமல் திரையை அணைப்பது மற்றொரு நல்ல பழக்கம்.

அணைத்த பிறகு நடக்கும் வேலை

ஓஎல்இடி தொலைக்காட்சியின் முக்கியமான பராமரிப்பு, அது அணைந்திருக்கும்போது நடக்கிறது. பொதுவாக, மொத்தம் நான்கு மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்ததும், காத்திருப்பு நிலையில் ஒரு சிறிய ஈடுசெய்யும் சுழற்சி தானாக ஓடும். பிக்சல்களை இயக்கும் டிரான்சிஸ்டர்களில் ஏற்பட்ட மின்னழுத்த மாற்றத்தை அளந்து, அடுத்த முறை சரியான மின்னோட்டம் பாயுமாறு அது திருத்துகிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். திரையில் எதுவும் தெரியாது.

மின்சாரத்தை மிச்சப்படுத்த, ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் சுவிட்சையும் அணைக்கும் வீடுகளில் இந்தச் சுழற்சி ஓடவே வாய்ப்பில்லை. தற்காலிகமாக மறைய வேண்டிய நிழல்கள் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். சுவர் சுவிட்சை அணைப்பது தவறில்லை. ரிமோட்டில் அணைத்து கால் மணி நேரம் கழித்து அணைத்தால் போதும். கணினித் திரைகளிலும் இதே விதிதான். சில திரைகள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, சுழற்சியை ஓடவிடலாமா என்று கேட்கும். உணவு இடைவேளையில் அனுமதித்துவிட்டு எழுந்து போவது நல்லது.

நீண்ட சுழற்சி ஒன்றும் உண்டு. எல்ஜியில் `Pixel Cleaning`, சாம்சங்கில் `Pixel Refresh`, சோனியில் `Panel Refresh` என்று அதை அழைக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். முடியும் தறுவாயில் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடினால் அது இயல்பானதே. எல்ஜி தொலைக்காட்சிகளில் ஏறத்தாழ 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை இது தானாகவே ஓடும். அடிக்கடி கையால் ஓடவிடுவதால் கூடுதல் நன்மை இல்லை. தேய்ந்த சேர்மத்தை எந்தச் சுழற்சியாலும் புதிதாக்க முடியாது. தேய்ந்த பிக்சலுக்குக் கூடுதல் மின்னோட்டம் தந்து, மற்றவற்றுக்கு ஈடாக ஒளிரச் செய்வதுதான் நடக்கிறது. அந்தக் கூடுதல் மின்னோட்டம் அந்தப் பிக்சலை மேலும் வேகமாகத் தேய்க்கும். கூட்டித் தருவதற்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அதைத் தாண்டிய தேய்மானம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது.

தடம் படிந்துவிட்டதா என்று அறிவது

சந்தேகம் எழுந்தால், இருட்டறையில் திரை முழுவதும் ஒரே நிறமாக ஒரு படத்தைக் காட்டிப் பார்க்க வேண்டும். முதலில் நடுத்தரச் சாம்பல், பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக. ஒரு நிறத்தில் மட்டும் தெரியும் தடம், மற்ற நிறங்களில் தெரியாமல் போகலாம். செய்தி இலச்சினையின் தடம் பெரும்பாலும் இப்படித்தான் அகப்படும்.

தெரிகிற எல்லாமே பர்ன்-இன் அல்ல. மிகவும் இருண்ட சாம்பலில் மட்டும் மெல்லிய செங்குத்துப் பட்டைகள் தெரிந்தால், அது பலகம் தயாரானபோதே வந்த சீரின்மையாக இருக்கலாம். அதற்கு அடையாளம் காணத்தக்க வடிவம் இருக்காது. இலச்சினை, பட்டை, மெனு என்று வடிவம் தெரிந்தால், திரையை அணைத்துச் சிறிய சுழற்சி ஓட இடம்விட்டு, அடுத்த நாள் மீண்டும் பார்க்க வேண்டும். மறைந்திருந்தால் அது தற்காலிக நிழல். மறையவில்லையென்றால் நீண்ட சுழற்சியை ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் நின்றால் அது நிரந்தரத் தடம். பலகத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பலகத்தின் விலை திரையின் விலையில் பெரும்பங்கு என்பதால், வாங்கும்போதே உத்தரவாதத்தில் பர்ன்-இன் சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். பல தொலைக்காட்சிகளின் உத்தரவாதம் அதை வெளிப்படையாகவே விலக்குகிறது. கணினித் திரைகளில், 2022-இல் வெளிவந்த டெல் ஏலியன்வேர் க்யூடி-ஓஎல்இடி திரை மூன்றாண்டு பர்ன்-இன் உத்தரவாதத்தோடு வந்தது. அதன்பின் வேறு சில நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. செய்தித் தொலைக்காட்சி நாள் முழுவதும் ஓட வேண்டிய வரவேற்பறைக்கும், ஒரே மென்பொருளின் அசையாத பலகை காலை முதல் மாலை வரை திறந்திருக்க வேண்டிய மேசைக்கும் எல்சிடி திரையே பொருத்தமானது. படம், தொடர், விளையாட்டு, பலதரப்பட்ட வேலை என்று உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், அளவான பிரகாசமும் ஆள் இல்லாதபோது அணைக்கும் பழக்கமும் இருந்தால், ஓஎல்இடி திரை தடமின்றிப் பல ஆண்டுகள் உழைக்கும்.